பிளான் மாத்தினதும் பில் ஏன் எகிறுது? போஸ்ட்பெய்டு பில்லை வரி வரியாகப் பார்ப்போம்

மாதம் 450 ரூபாய் பிளானில் இருந்தவர் 750 ரூபாய் பிளானுக்கு மாறுகிறார். ஜிஎஸ்டி சேர்த்தால் 885 ரூபாய் வரும் என்று மனக்கணக்கு போட்டு வைத்திருக்கிறார். ஆனால் வந்த பில்லில் 2,596 ரூபாய். நடுவில் ஆபீஸ் வேலையாக சிங்கப்பூர் போய் வந்தார், ஒரு டேட்டா பேக்கும் போட்டார். அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் கணக்கு இடிக்கிறது. 'ஏமாத்திட்டாங்களோ?' என்ற சந்தேகம் வருவது நியாயம்தானே?

உண்மையில் இந்த பில் சரியாகக்கூட இருக்கலாம். தப்பாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடமும் ஒரு கால்குலேட்டரும் போதும். இங்கே உள்ள பிளான், பேக் தொகைகள் எல்லாம் கணக்கு புரிவதற்கான உதாரணம்தான். உங்கள் பில்லில் உள்ள எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் தேதியைப் பாருங்கள்

தொகையைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியது பில்லிங் சுழற்சி. அது பெரும்பாலும் மாதத்தின் 1-ம் தேதி தொடங்காது. நம் உதாரணத்தில் ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 4-ம் தேதி முடிகிறது. செப்டம்பர் 5 முதல் அக்டோபர் 4 வரை மொத்தம் 30 நாட்கள். பில் அக்டோபர் 5-ல் வருகிறது.

அடுத்த கேள்வி: மாத வாடகை முன்கூட்டியே வசூலிக்கப்படுகிறதா, மாதம் முடிந்த பிறகா? வாடகை என்ற வரிக்குப் பக்கத்தில் இருக்கும் தேதிகளே பதில் சொல்லிவிடும். அக்டோபர் 5 பில்லில் 'அக்டோபர் 5 முதல் நவம்பர் 4 வரை' என்று இருந்தால் அது முன்பணம். வரப்போகும் மாதத்துக்கு இப்போதே கட்டுகிறீர்கள். கால்கள், ரோமிங் போன்ற பயன்பாட்டுக் கட்டணங்களோ எப்போதும் முடிந்த மாதத்துக்கானவை. ஒரே பில்லில் இரண்டு மாதக் கணக்கு கலந்திருப்பதால்தான் பலருக்குத் தலை சுற்றுகிறது.

பிளான் மாறிய நாளில் என்ன நடக்கிறது?

நம் வாடிக்கையாளர் முன்பணம் கட்டுபவர். செப்டம்பர் 5 பில்லிலேயே பழைய பிளானுக்கான 450 ரூபாயைக் கட்டிவிட்டார். செப்டம்பர் 20-ம் தேதி புதிய பிளான் அமலுக்கு வந்தது. அதாவது 5 முதல் 19 வரை 15 நாட்கள் பழைய பிளான், 20 முதல் அக்டோபர் 4 வரை 15 நாட்கள் புதிய பிளான்.

இங்கேதான் 'புரோரேட்டா' வருகிறது. நாள் கணக்குப்படி பிரித்துப் போடுவது, அவ்வளவுதான். வீட்டை மாதம் பாதியில் காலி செய்தால் இருந்த நாட்களுக்கு மட்டும் வாடகை தருவது போல. அதன்படி அக்டோபர் 5 பில்லில் மூன்று வரிகள் வர வேண்டும்:

- பழைய பிளானில் பயன்படுத்தாத 15 நாட்களுக்குத் திரும்ப வரவு: கழித்தல் 225 ரூபாய்
- புதிய பிளானில் பயன்படுத்திய 15 நாட்களுக்கு: 375 ரூபாய்
- அக்டோபர் 5 முதல் நவம்பர் 4 வரை புதிய பிளான் முன்பணம்: 750 ரூபாய்

கூட்டினால் 900 ரூபாய். வாடிக்கையாளர் நினைத்தது 750. கூடுதலாக வந்தது 150. இந்த 150-ஐ ஒரே வரியில் சரிபார்க்கலாம்: இரண்டு பிளான்களுக்கும் உள்ள வித்தியாசத்தை (300 ரூபாய்) மீதமிருந்த நாட்களால் (15) பெருக்கி, சுழற்சியின் மொத்த நாட்களால் (30) வகுத்தால் 150. பிளான் மாறியதற்கு மட்டும் இந்த மாதம் கூடுதலாக வர வேண்டிய தொகை இதுதான். அடுத்த மாதம் இது இருக்காது.

மாதம் முடிந்த பிறகு வாடகை வாங்கும் இணைப்பாக இருந்தால் கணக்கு இன்னும் சுலபம். பழைய பிளானுக்கு 225, புதிய பிளானுக்கு 375, மொத்தம் 600 மட்டும்தான் வாடகை. திரும்ப வரவு என்ற வரியே தேவைப்படாது. அதே போல, பிளான் மாற்றம் அடுத்த சுழற்சியில் இருந்துதான் அமலுக்கு வரும் என்று சொல்லும் நிறுவனங்களிலும் பிரித்துப் போடும் வேலை இல்லை.

தப்பு எங்கே ஒளிந்திருக்கும்?

முதல் இடம், காணாமல் போன வரவு. கழித்தல் குறியோடு 225 ரூபாய் வரி இல்லையென்றால், பழைய பிளானுக்கு முழு மாதம், புதிய பிளானுக்குப் பாதி மாதம் என 15 நாட்களுக்கு இரட்டை வாடகை கட்டுகிறீர்கள். வாடகை 900-க்குப் பதில் 1,125 ஆகிவிடும்.

இரண்டாவது, இரண்டு பக்கமும் எண்ணப்பட்ட நாள். பழைய பிளான் '20 வரை', புதிய பிளான் '20 முதல்' என்று இருந்தால் நாட்கள் 31 ஆகிவிடும். இரண்டு வரிகளின் நாட்களையும் கூட்டினால் சுழற்சியின் நாட்கள்தான் வர வேண்டும். ஒரு நாள் கூடினால் பத்து, பதினைந்து ரூபாய்தான். ஆனாலும் கணக்கு கணக்குதான்.

மூன்றாவது, வரவு எந்த இடத்தில் கழிக்கப்பட்டது என்பது. பழைய பில்லில் அந்த 225 ரூபாய்க்கும் சேர்த்துத்தான் 18% ஜிஎஸ்டி கட்டியிருக்கிறீர்கள். ஆகவே வரி போடுவதற்கு முன்னால் அது கழிய வேண்டும். வரியெல்லாம் போட்டு முடித்த பிறகு வெறும் 225-ஐ மட்டும் கழித்திருந்தால் 40 ரூபாய் 50 காசு உங்களுக்கு நஷ்டம்.

நான்காவது பலரும் யோசிக்காதது: டேட்டா அளவும் பிரியலாம். பழைய பிளானில் மாதம் 50 ஜிபி என்றால், பாதி மாதத்துக்கு 25 ஜிபி என்று கணக்கு வைக்கும் பிளான்கள் உண்டு. முதல் 15 நாளில் 40 ஜிபி ஓட்டிவிட்டு பிளான் மாற்றியவருக்கு, 15 ஜிபி 'கூடுதல் பயன்பாடு' என்று வந்து நிற்கும். மாதக் கடைசி வரை தாங்கும் என்று நினைத்த டேட்டாவை முன்பே தீர்த்தவர்கள், சுழற்சி முடியும் நாள் வரை பொறுத்து பிளான் மாற்றுவது நல்லது.

ஆட்-ஆனும் ரோமிங்கும்

மீதி 1,300 ரூபாய் எங்கிருந்து வந்தது? அதில் 100 ரூபாய் டேட்டா ஆட்-ஆன். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அது ஒரு தடவை பேக்கா, மாதாமாதம் தானாகப் புதுப்பிக்கும் பேக்கா? பிளான் மாறினால் பழைய ஆட்-ஆன் தானாக நின்றுவிடும் என்று நம்பக் கூடாது. புதிய பிளானிலேயே அந்த வசதி இலவசமாக இருக்க, பழைய ஆட்-ஆனுக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. காலர் டியூன் மாதிரி கேட்காமலே ஒட்டிக்கொண்ட சேவைகளை நிறுத்த 155223 என்ற பொது எண் இருக்கிறது.

அடுத்து ரோமிங். இந்தியாவுக்குள் பயணம் செய்வதற்குப் பெரும்பாலான பிளான்களில் தனிக் கட்டணம் கிடையாது. பில்லில் ரோமிங் என்று பெரிய தொகை இருந்தால் அது வெளிநாட்டுப் பயணம்தான். நம் உதாரணத்தில் ரோமிங் பேக் 1,000 ரூபாய். அதற்கு மேல் 'பேக்கில் சேராதது' என்று 200 ரூபாய். பேக் வாங்கியும் இது எப்படி வந்தது?

விமானம் தரையிறங்கியதும் போனை ஆன் செய்தார். பேக் அமலாகிவிட்டது என்ற எஸ்எம்எஸ் வருவதற்குள் மெயிலும் போட்டோ பேக்கப்பும் பின்னணியில் ஓடத் தொடங்கிவிட்டன. அந்தச் சில நிமிட டேட்டா, பேக் இல்லாத சாதாரண ரோமிங் விலையில் கணக்கானது. அந்த விலை பல மடங்கு அதிகம். எஸ்எம்எஸ் வரும் வரை டேட்டா ரோமிங்கை ஆஃப் செய்து வைத்திருந்தால் இந்த 200 மிச்சம். பேக்கின் ஒரு நாள் என்பது முதல் பயன்பாட்டில் இருந்து 24 மணி நேரமா, நள்ளிரவோடு முடிவதா என்பதையும் வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று. வெளிநாட்டு நிறுவனம் பயன்பாட்டுக் கணக்கை அனுப்பிய பிறகுதான் இங்கே பில்லில் ஏறும். பில் தேதியை ஒட்டிப் பயணம் முடிந்திருந்தால், ஒரு பகுதி அடுத்த பில்லிலும் வரலாம். ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து ரோமிங் வரியைப் பார்த்து அலற வேண்டாம். பயன்படுத்திய தேதியைப் பாருங்கள்.

கடைசியில் வரி

வாடகை 900, ஆட்-ஆன் 100, ரோமிங் 1,200. மொத்தம் 2,200. இதன் மேல் மத்திய ஜிஎஸ்டி 9%, மாநில ஜிஎஸ்டி 9%. தலா 198 ரூபாய். ஆக 2,596. பில் சரிதான்.

பழைய பாக்கி இருந்தால் அது இதற்குக் கீழே தனியாக வர வேண்டும். அதற்குப் போன மாதமே வரி போட்டாயிற்று, மறுபடி போடக் கூடாது.

கணக்கு இடித்தால்?

நிறுவனத்தின் புகார் எண்ணான 198-ஐ அழைத்து, எந்த வரியில் எத்தனை ரூபாய் தப்பு என்று குறிப்பாகச் சொல்லிப் புகார் எண் வாங்க வேண்டும். 'பில் ஜாஸ்தியா இருக்கு' என்பதைவிட, 'செப்டம்பர் 20 முதல் அக்டோபர் 4 வரை 225 ரூபாய் வரவு வரவில்லை' என்பதற்குப் பதில் சீக்கிரம் கிடைக்கும். தீர்வு திருப்தி இல்லையென்றால், டிராய் விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்கும் மேல்முறையீட்டு ஆணையத்துக்கு இலவசமாகப் போகலாம். அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்புப் புகார்களையும் அங்கே விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆனால் 150 ரூபாய் வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள ஒருவர் இவ்வளவு தூரம் வர வேண்டுமா என்பதுதான் கேள்வி. பிளான் மாற்றும் பட்டனை அழுத்தும்போதே இன்றைய தேதி, மீதி நாட்கள், வரவு, புதிய கட்டணம் எல்லாம் நிறுவனத்தின் கணினிக்குத் தெரியும். 'அடுத்த பில்லில் வாடகை வரியுடன் 1,062 ரூபாய், அதற்கு அடுத்ததில் 885' என்று திரையில் ஒரு வரி காட்டுவது பெரிய வேலை இல்லை. புது பிளானின் விலையைப் பெரிய எழுத்தில் காட்டுகிறவர்கள், முதல் பில்லின் தொகையையும் அதே எழுத்தில் காட்ட வேண்டும். தாங்களாகச் செய்யாவிட்டால், செய்யச் சொல்ல வேண்டியது டிராய்.

அதுவரை பிளான் மாற்றும் நாளில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எந்தத் தேதியில் மாறினீர்கள் என்பதற்கு அதுதான் உங்கள் கையில் இருக்கும் சாட்சி.