எழுதிக் கொடுத்தவருக்கு என்ன மிச்சம்?

பிறர் பெயரில் புத்தகம் எழுதித் தரும் வேலைக்கு வருகிறவர்கள், அதாவது கோஸ்ட் ரைட்டர்கள், முதலில் கேட்கும் பாடம் ஒன்று உண்டு. பணம் வாங்கியாகிவிட்டால் அந்தப் புத்தகத்துக்கும் எழுதியவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. உரிமை வாடிக்கையாளருக்கு, பெயர் வாடிக்கையாளருக்கு. எழுதியவர் தன் பயோடேட்டாவில்கூட அந்த வேலையைச் சொல்லக் கூடாது, சொன்னால் தொழில் துரோகம். வாடிக்கையாளர்கள் மட்டும் இதைச் சொல்வதில்லை. பதிப்பாளர்களும் சொல்கிறார்கள், பல வருடம் எழுதிக் கொடுத்த மூத்தவர்களும் சொல்கிறார்கள். அதனாலேயே இளைஞர்கள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டு, ஐந்தாறு புத்தகங்கள் எழுதிய பிறகும் புது வாடிக்கையாளர் முன் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் பாடத்தில் மூன்று தனித்தனிக் கூற்றுகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. மூன்றும் அப்படியே உண்மை என்று நான் நினைக்கவில்லை.

பணம் கொடுத்தவருக்கே உரிமை என்பது முதல் கூற்று. நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் (1957) இதற்கு நேர்மாறான இடத்தில் தொடங்குகிறது. அதன் 17ஆவது பிரிவின்படி ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதை ஆக்கியவரே. சில விலக்குகள் உண்டு. சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குப் போகும். ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன ஒளிப்படம், வரையச் சொன்ன ஓவியம், தயாரிக்கச் சொன்ன திரைப்படம் ஆகியவை பணம் கொடுத்தவருக்குப் போகும். ஒப்பந்த அடிப்படையில் வெளியாள் ஒருவர் எழுதித் தரும் புத்தகம் இந்தப் பட்டியலில் இல்லை. கல்யாண ஆல்பத்துக்கும் தன்வரலாற்றுக்கும் ஒரே விதி என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் பிழை.

‘கதை என்னுடையது, நான் சொன்னதை அவர் எழுதினார், அவ்வளவுதானே’ என்று வாடிக்கையாளர் கேட்பார். இதே கேள்வி 1930களில் இங்கிலாந்தில் நீதிமன்றம் வரை போனது. ஸ்டீவ் டோனஹூ அப்போது புகழ்பெற்ற குதிரைப் பந்தய வீரர். அவருடைய பந்தய அனுபவங்களைத் தொடராக வெளியிட ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு’ இதழ் அவருக்குப் பணம் தந்தது. எழுதியவர் ஃபெல்ஸ்டெட் என்ற பத்திரிகையாளர். டோனஹூ உட்கார்ந்து பேசினார், ஃபெல்ஸ்டெட் அதைக் கட்டுரையாக்கினார். சில வருடங்கள் கழித்து, அந்தக் கட்டுரைகளைச் சுருக்கி மாற்றி வேறொரு இதழில் வெளியிட ஃபெல்ஸ்டெட் ஏற்பாடு செய்தபோது டோனஹூ வழக்குத் தொடுத்தார். தோற்றார். சம்பவங்களையும் எண்ணங்களையும் தந்தவர் டோனஹூ, ஆனால் அவை வாசகனை அடைந்த மொழி ஃபெல்ஸ்டெட்டுடையது, பதிப்புரிமை அந்த மொழிக்குத்தான் என்றது 1937இல் வந்த தீர்ப்பு. ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர் வார்த்தை மாறாமல் குறித்துக்கொண்டிருந்தால் கதை வேறு. அப்போது எழுதுகிறவர் வெறும் கை, ஆசிரியர் சொன்னவர்தான்.

இந்தத் தீர்ப்பை எழுதுகிறவரின் வெற்றியாக மட்டும் படித்துவிடக் கூடாது. தன் வாழ்க்கையைச் சொன்ன ஒரு மனிதர், அது எங்கே வெளியாகிறது என்பதைத் தடுக்க முடியாமல் நின்றார். உரிமை தனக்கே என்று எழுத்தில் ஒப்பந்தம் இருந்திருந்தால் அவருக்கு அந்த நிலை வந்திருக்காது. ஆகவே உரிமை மாற்றத்தைப் பற்றிப் பேசுவது வாடிக்கையாளருக்கு எதிரான பேச்சு என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். உண்மையில் அவருக்குத்தான் அது கூடுதலாகத் தேவை. நம் சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, உரிமை கைமாற எழுதியவரின் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்தெந்த நாடு என்று அதில் இருக்க வேண்டும். காலம் எழுதப்படவில்லை என்றால் ஐந்து வருடம் என்று கொள்ளப்படும். நாடு எழுதப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். ‘முழு உரிமையும் தந்தேன்’ என்று ஒற்றை வரியில் எழுதி வாங்கிக்கொண்ட தொழிலதிபர், ஆறாவது வருடம் சிங்கப்பூரில் மறுபதிப்புப் போட நினைத்தால் அவர் கையில் உள்ள காகிதம் போதாது. எழுதுகிறவர் தன் பங்குக்குச் சேர்க்க வேண்டிய வரி ஒன்றுதான்: கடைசித் தவணை கைக்கு வந்த நாளிலிருந்தே உரிமை மாறும்.

கோஸ்ட் என்றாலே பெயர் வராது, கேட்பதே மரியாதைக் குறைவு என்பது இரண்டாம் கூற்று. அப்துல் கலாமின் ‘அக்கினிச் சிறகுகள்’ ஆங்கில மூலத்தின் அட்டையைப் பாருங்கள். 1999இல் வந்த அந்த நூலில் கலாமின் பெயரோடு, அவருடன் இணைந்து எழுதியவர் என்று அருண் திவாரியின் பெயரும் இருக்கிறது. அதனால் அது கலாமின் வாழ்க்கை இல்லை என்று எந்த வாசகரும் நினைக்கவில்லை. மறுபக்கம் டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாசியின் ‘ஓப்பன்’ (2009). அதை எழுதிய மோரிங்கரின் பெயரை அட்டையில் போட அகாசி விரும்பினார், மோரிங்கர்தான் வேண்டாம் என்றார். நன்றியுரையில் அவர் பங்கை அகாசி வெளிப்படையாகச் சொன்னார். பிறகு நைக்கி இணை நிறுவனர் ஃபில் நைட்டின் நூலுக்கும் இளவரசர் ஹாரியின் நூலுக்கும் பின்னால் இருந்தவர் அதே மோரிங்கர்தான். பெயர் அட்டையில் இல்லாமலே அவருடைய வேலை அவருடையது என்று தெரிந்திருக்கிறது.

ஆக, அட்டை, உள் தலைப்புப் பக்கம், நன்றியுரை, எங்கும் இல்லை என்று பல படிகள் இருக்கின்றன. எந்தப் படி என்பது பேசி முடிவாக வேண்டியது. நம் சட்டத்தின் 57ஆவது பிரிவு, பதிப்புரிமையை விற்ற பிறகும் ‘இதை ஆக்கியவன் நான்’ என்று கோரும் உரிமையை ஆசிரியருக்கு விட்டு வைக்கிறது. அதைத் தன் விருப்பத்தோடு விட்டுக்கொடுக்கலாம் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2015இல் ஒரு திரைப்பட வழக்கில் சொன்னது. விட்டுக்கொடுப்பது என்றால் ஏதோ ஒன்று கையில் இருந்து போகிறது என்றுதானே அர்த்தம்? பெயரும் வேண்டாம், நன்றியுரையும் வேண்டாம் என்கிற வாடிக்கையாளரிடம் அதற்கென்று கூடுதல் தொகை கேட்பது முறையான பேச்சு. நன்றியுரை என்று முடிவானால் அந்த வாசகத்தையே ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். ‘எழுத்தாக்கத்தில் துணை நின்றவர்’ என்பதும் ‘தட்டச்சில் உதவியவர்’ என்பதும் ஒன்றல்ல. கடைசி நேரத்தில் முதலாவது இரண்டாவதாக மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். மின்னூலுக்கும் மொழிபெயர்ப்புக்கும் அதே வாசகம் தொடருமா என்பதும் அங்கேயே இருக்கட்டும்.

மூன்றாவது கூற்றுதான் அதிகம் பேரை வாட்டுகிறது: ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டவர் அந்த வேலையைத் தன் அனுபவம் என்று எங்கும் காட்டக் கூடாது. என்.டி.ஏ. என்ற பெயரில் கைக்கு வரும் இரண்டு பக்கத் தாளில் பெரும்பாலும் இரண்டு வேறு ரகசியங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, பேட்டிகளில் கேட்டவை. குடும்பச் சண்டை, கடன், நோய், கூட்டாளியோடு பிரிந்த காரணம். இவற்றைக் காப்பது கடமை, காலவரை இல்லாத கடமை. ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் காக்க வேண்டும். நம்பிச் சொன்னதை வெளியே சொல்வதைச் சட்டமும் ஏற்பதில்லை. இன்னொன்று, இப்படி ஒரு வேலை நடந்தது என்ற செய்தி. இதை எவ்வளவு தூரம் மறைப்பது என்பது முழுக்கப் பேரத்துக்கு உரியது. முதலாவதற்காகப் போட்ட கையெழுத்து இரண்டாவதையும் விழுங்கிவிடுவதற்குக் காரணம், யாரும் இரண்டையும் பிரித்து எழுதச் சொல்லாததுதான்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டோடு பார்ப்போம். கோயம்புத்தூர்ப் பக்கம் நூற்பாலை நடத்தும் எழுபது வயதுக்காரர் தன்வரலாறு எழுதித் தரச் சொல்கிறார். சுமார் 60,000 சொற்கள், பத்து மாத வேலை, நான்கு தவணைகளில் மூன்று லட்சம் ரூபாய். தானே எழுதியதாக ஊர் நினைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அது நியாயமான ஆசைதான். எழுதுகிறவர் அவரிடம் இப்படிக் கேட்கலாம்: “ஐயா, உங்க பேரையோ மில் பேரையோ எங்கேயும் சொல்ல மாட்டேன். ஆனா அடுத்த வேலை கேட்டுப் போகும்போது நான் சும்மா இருந்தேன்னு சொல்ல முடியாதில்லையா? இந்த ஒரு வரியை மட்டும் போட்டுக்க அனுமதி குடுங்க.” அந்த ஒரு வரி ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில், போடப்போகும் அதே சொற்களில் இருக்க வேண்டும்.

அந்த வரியை எழுதும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். ‘மூன்று தலைமுறையாக நூற்பாலை நடத்தும் கோவைக் குடும்பத்தின் மூத்தவர்’ என்று எழுதினால் பெயர் இல்லையே தவிர ஆள் தெரிந்துவிடுவார். அந்த வருடம் அப்படி ஒரு புத்தகம்தான் வந்திருக்கும். ஊர், தொழில், வெளியான வருடம் மூன்றும் ஒரே வரியில் சேரக் கூடாது. ‘தொழிலதிபர் ஒருவரின் தன்வரலாறு, 60,000 சொற்கள், பேட்டி, அமைப்பு, முழுக் கைப்பிரதி’ என்றால் ஆள் தெரியமாட்டார், ஆனால் எழுதியவரால் என்ன முடியும் என்பது வேலை தருகிறவருக்குப் புரியும். மாதிரிப் பக்கம் கேட்டால் அந்தப் புத்தகத்திலிருந்து அனுப்பக் கூடாது. ஒரு வரியை இணையத்தில் தேடினாலே நூல் வந்து நிற்கும். அதே நடையில், தன் பாட்டியின் வாழ்க்கையையோ தெருக்கடைக்காரரின் வாழ்க்கையையோ ஒரு அத்தியாயம் புதிதாக எழுதி வைத்துக்கொள்ளலாம். உறுதிப்படுத்த ஆள் கேட்டால், வாடிக்கையாளரே தொலைபேசியில் இரண்டு வார்த்தை சொல்லச் சம்மதிப்பாரா என்பதையும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளலாம். ஊருக்குத் தெரியக் கூடாது என்பவர்கள்கூட இதற்குச் சம்மதிப்பது உண்டு.

இன்னொரு விலக்கும் வேண்டும். வாங்கிய பணத்துக்கு வருமானக் கணக்குக் காட்டியாக வேண்டும், மூலத்தில் பிடித்த வரிக்குச் சான்று வரும், அதில் கொடுத்தவர் பெயர் இருக்கும். தணிக்கையாளர், வழக்கறிஞர், வரித்துறை, நீதிமன்றம் ஆகியோரிடம் சொல்வது ரகசிய மீறல் ஆகாது என்று ஒரு வரி சேர்க்காத ஒப்பந்தம் எழுதியவரைச் சட்டத்துக்கும் வாக்குக்கும் நடுவில் மாட்டிவிடும்.

அந்தப் பழைய பாடத்தில் உண்மை இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். முழு மௌனத்துக்குச் சம்மதித்து, அதற்கான விலையையும் வாங்கிக்கொண்டவர் மௌனமாகத்தான் இருக்க வேண்டும். புத்தகம் பரிசு வாங்கினாலும், வாடிக்கையாளர் பிறகு மரியாதையில்லாமல் நடந்துகொண்டாலும் அந்த வாக்கு மாறாது. மாணவருக்காக முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதித் தருவதற்கு இந்தப் பேரம் எதுவுமே பொருந்தாது. அங்கே ஏமாற்றப்படுவது பல்கலைக்கழகம், அந்த வேலையை எடுக்கவே கூடாது.

ஏற்கனவே யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கும் வழி அடைந்துவிடவில்லை. ஒப்பந்தத்தை இரு தரப்பும் சேர்ந்து எப்போதும் திருத்தலாம். புத்தகம் வெளியாகிச் சில மாதங்கள் கழித்து, பதற்றம் அடங்கிய நேரத்தில், வாடிக்கையாளருக்கு ஒரு சிறு கடிதம் எழுதலாம். அவர் பெயரும் புத்தகத்தின் பெயரும் வராது என்ற உறுதி முதலில் வர வேண்டும். போட விரும்பும் அந்த ஒரே வரி அடுத்து வர வேண்டும். அதைப் பயோடேட்டாவில் மட்டும் போடப்போகிறோமா, இணையத்திலும் போடப்போகிறோமா என்பதும் இருக்க வேண்டும். ‘சம்மதம்’ என்று அவர் பதில் அனுப்பினால் அதை ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கோப்பில் வைக்க வேண்டும். வேண்டாம் என்றால் அந்தப் புத்தகத்தை விட்டுவிட்டு, அடுத்த ஒப்பந்தத்தில் முதல் பேட்டிக்கு முன்பே அந்த வரியைக் கேட்க வேண்டும்.