பி.ஜி. ஆன்ட்டிக்கு ஒரு தீபாவளி நன்றி

கனடாவிலோ ஜெர்மனியிலோ பிறந்து வளர்ந்து, படிப்பதற்காகச் சென்னைக்குப் போய் பி.ஜி.யில் தங்கும் எங்கள் ஆட்களுக்கு அங்கே எல்லாம் ஓரளவு பழகிவிடும். பழகாமல் இருப்பது ஒன்று. பண்டிகை நாளில் வீட்டுக்கார அம்மா பலகாரம் கொடுத்தால் எப்படி நன்றி சொல்வது? சிலர் ஒரு கும்பிடு ஈமோஜியோடு நிறுத்திவிடுகிறார்கள். சிலர் மேடையில் நன்றியுரை வாசிப்பது போல எழுதுகிறார்கள். இரண்டுமே அந்த உறவுக்குப் பொருந்தாத தொனி என்பது என் கருத்து.

முதலில் அந்த உறவு என்ன என்று பாருங்கள். நான் சொல்வது நூறு கட்டில் போட்டு மேனேஜர் வைத்து நடத்தும் பெரிய பி.ஜி. அல்ல. கீழே வீட்டுக்காரர் குடும்பம், மாடியில் நாலைந்து பிள்ளைகள் என்று இருக்கும் வீடு. அங்கே நீங்கள் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறீர்கள், மாதம் பிறந்ததும் வாடகை கட்டுகிறீர்கள். அதனால் நீங்கள் அவர்களுக்குக் கடன்பட்டவர் இல்லை. ஆனால் இரவு கேட் பூட்டும் நேரம் தாண்டினால் போன் பண்ணி எங்கே இருக்கிறாய் என்று கேட்பதும் அதே அம்மாதான். பாதி வாடகைக்காரர், பாதி வீட்டுப் பிள்ளை. உங்கள் நன்றியும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கவேண்டும்.

ஒரு உண்மைச் சம்பவத்தை வைத்தே சொல்கிறேன். ஸ்காபரோவில் வளர்ந்த என் தோழி ஒருத்தி சென்னையில் முதுகலை படிக்கிறாள். தீபாவளிக்குச் சமையல்கார அக்கா ஊருக்குப் போவதால் இரண்டு நாள் மெஸ் இல்லை என்று முன்பே சொல்லிவிட்டார்கள். தீபாவளியன்று காலை கீழ்வீட்டு ஆன்ட்டி ஒரு எவர்சில்வர் தூக்கில் இட்லி, வடை, சாம்பாரும், ஒரு சின்ன டப்பாவில் முறுக்கு, மைசூர்பாகோடு ஓர் உருண்டை லேகியமும் கொடுத்து அனுப்பினார். லேகியம் என்பது இஞ்சி, மிளகு, ஓமம், திப்பிலி எல்லாம் வெல்லத்திலும் நெய்யிலும் கிளறியது. எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் வெறும் வயிற்றில் சாப்பிடுவார்கள். பிறகு நாள் முழுக்கப் பலகாரம் சாப்பிடும் வயிற்றுக்கு அது காவல்.

தோழி அனுப்புவதற்கு முன் எனக்குப் போனில் வாசித்துக் காட்டியது இது:

“மதிப்பிற்குரிய ஆன்ட்டி அவர்களுக்கு, தங்களின் அன்பான விருந்தோம்பலுக்கு எனது மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். நீங்கள் எனக்கு இன்னொரு தாய். நான் வடிவாச் சாப்பிட்டேன். மேலும் குளியலறை ஹீட்டர் மூன்று நாளாக வேலை செய்யவில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.”

இதில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனாலும் தொனி நாலு இடத்தில் பிசகுகிறது.

முதலாவது, தினமும் படியில் பார்த்து “ஆன்ட்டி” என்று கூப்பிடுகிறவர் ஒரே நாளில் “மதிப்பிற்குரிய”வரும் “தங்க”ளும் ஆகிவிடுகிறார். தமிழில் மரியாதையை “நீங்கள்” என்ற சொல்லே காட்டிவிடும். அதற்கு மேல் ஏற்றினால் மரியாதை கூடாது, தூரம்தான் கூடும். பள்ளிக்கு விடுப்புக் கடிதம் எழுதுவது போல் இருக்கும். அவர் உங்களை “நீ, வாம்மா, போம்மா” என்பார். நீங்கள் “நீங்க” என்பீர்கள். அந்த வழக்கத்தை பண்டிகைக்காக மாற்றத் தேவையில்லை.

இரண்டாவது, “இன்னொரு தாய்”. வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கேட்கிறவருக்கே கூச்சமாக இருக்கும், அல்லது இந்தப் பிள்ளை ஏதோ கேட்கப் போகிறது என்று தோன்றும். அடுத்த வரியில் ஹீட்டர் வந்ததும் அந்தச் சந்தேகம் உறுதியாகிவிடும்.

அதுதான் மூன்றாவது. ஹீட்டர் உங்கள் உரிமை, அதற்குத்தான் வாடகை. பலகாரம் அவர் பிரியத்தில் கொடுத்தது. இரண்டையும் ஒரே மெசேஜில் போட்டால் நன்றி லஞ்சம் போல ஆகும், முறைப்பாடு கெஞ்சல் போல ஆகும். ஹீட்டரை மறுநாள் தனியாகச் சொல்லுங்கள், தயங்காமல் சொல்லுங்கள். அட்வான்ஸ் விஷயத்தில் பிணக்கு இருந்தாலும் இதேதான். நன்றி சொன்னதால் உங்கள் கணக்குக் குறையாது. கணக்கு இருப்பதால் நன்றியை விழுங்கவும் வேண்டாம்.

நாலாவது, அந்த மெசேஜில் இட்லியும் இல்லை, லேகியமும் இல்லை. “விருந்தோம்பல்” என்ற பெரிய சொல் அவற்றை மூடிவிட்டது. எங்கள் வீடுகளில் நெருங்கியவர்களுக்கு “நன்றி” என்று சொல்வது குறைவு. அம்மா சோறு போட்டால் நன்றி சொல்கிறோமா? நல்லாயிருக்கு, இன்னும் கொஞ்சம் போடுங்கோ என்போம். அதுதான் அங்கே நன்றி. ஆகவே கொடுத்த பொருளின் பெயரைச் சொல்லுங்கள், சாப்பிட்டதைச் சொல்லுங்கள். “தேங்க்ஸ்” கடைசியில் ஒருமுறை வந்தால் போதும்.

தோழி கடைசியாக அனுப்பியது இதுதான்:

“ஆன்ட்டி, தீபாவளி வாழ்த்துகள். இன்றைக்கு மெஸ் இல்லையே, காலைக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இட்லியும் வடையும் சூடாக இருந்தன, ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. லேகியம் இப்போதுதான் முதல் தடவை சாப்பிடுகிறேன். காரம்! ஆனால் பிடித்திருக்கிறது. அங்கிளிடமும் சொல்லுங்கள். தூக்கைச் சாயந்தரம் கொண்டுவந்து தருகிறேன். ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி.”

பதில் ஐந்து நிமிடத்தில் வந்தது: “சரிம்மா, மத்தியானமும் கீழ வந்து சாப்பிடு.” தொனி சரியா என்று தெரிந்துகொள்ள இதைவிட வேறு சோதனை வேண்டாம். விறைப்பாக எழுதினால் பதிலும் ஒரு கும்பிடோடு முடிந்துவிடும்.

“வடிவா” என்ற சொல் ஏன் போய்விட்டது என்று யாழ்ப்பாணத்து வீட்டுப் பிள்ளைகள் கேட்கலாம். சென்னையில் வடிவு என்றால் உருவம். அவருக்குப் புரியாத சொல்லை மட்டும் மாற்றினோம். மற்றபடி சென்னைப் பேச்சை நடிக்கத் தேவையில்லை. உங்கள் தமிழ் வேறு ஊர்த் தமிழ் என்பது அவருக்கு முதல் நாளே தெரியும், பெரும்பாலும் அது பிடித்தும் இருக்கும்.

மெசேஜ் மட்டும் போதாது, தூக்கும் நன்றியின் ஒரு பகுதி. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது பல தமிழ் வீடுகளில் வழக்கமில்லை. கழுவித் துடைத்து, இரண்டு வாழைப்பழமோ கொஞ்சம் சர்க்கரையோ போட்டுக் கொடுங்கள். விலை உயர்ந்த பரிசு வேண்டாம். அது அவர் கொடுத்த இட்லிக்கு விலை போட்டது போல ஆகிவிடும். இரண்டு கையாலும் கொடுத்து, ஒரு நிமிடம் நின்று பேசிவிட்டு வாருங்கள்.

ஒன்றை மட்டும் முன்பே கேட்டு வையுங்கள். அந்த வீட்டில் அந்த வருடம் யாராவது இறந்திருந்தால் பல குடும்பங்கள் பண்டிகை கொண்டாடுவதில்லை. அப்படியும் மெஸ் இல்லையே என்று உங்களுக்குச் சாப்பாடு அனுப்பலாம். அப்போது “தீபாவளி வாழ்த்துகள்” என்ற முதல் வரியை எடுத்துவிடுங்கள். “சாப்பிட்டேன் ஆன்ட்டி, நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்டால் போதும். அந்தக் கேள்விக்குள்ளேயே நன்றி இருக்கிறது.