பெரிய கோயிலுக்கு எத்தனை நிமிஷம்?

தஞ்சாவூரில் எனக்கு ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி இருக்கிறாள். பெண்கள் இருவரும் கல்யாணமாகிப் போனதும் மாடி அறைகள் சும்மா கிடந்தன. பென்ஷன் போதவில்லை. ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு விடலாமென்று ஹோம்ஸ்டே தளம் ஒன்றில் பதிந்து வைத்தாள். தலைப்பு என்ன தெரியுமா? 'அமைதியான சூழலில் இனிய இல்லம்'. மூன்று மாசம் ஈ, காக்கை கூட எட்டிப் பார்க்கவில்லை!

நீங்களே சொல்லுங்கள், தஞ்சைக்கு வருகிறவர் இனிமையையா தேடுவார்? கோயிலைத்தான் தேடுவார். அதிலும் ஒரு சூட்சுமம். 'பெரிய கோயில்' என்பது நம் வாயில் வருவது. வடக்கத்திக்காரரும் வெளிநாட்டாரும் 'பிரகதீஸ்வரர்' என்றும் 'டாஞ்சூர்' என்றும் தட்டிப் பார்க்கிறார்கள். ஆகவே தலைப்பில் பிரகதீஸ்வரர். மற்றப் பெயர்களெல்லாம் கீழே விவரத்தில். தலைப்பு நீண்டால் டெலிபோன் திரையில் வால் அறுந்துவிடும். எனவே கோயில் பெயர் முதலில் நிற்கட்டும்.

அக்கா அப்படியே இங்கிலீஷில் மாற்றினாள்: 'பிரகதீஸ்வரர் கோயில் 5 நிமிஷ நடை, மாடி அறை'. பத்தே நாளில் ஒரு குடும்பம் வந்தது. ஆனால் அந்த 5 நிமிஷம், வரைபடத்தில் கோடு போட்டாற்போல் பார்த்துச் சொன்னது. தெரு வளைந்து வளைந்தல்லவா போகிறது! வயசான அம்மாளை வெயிலில் நடத்திக்கொண்டு போய்ச் சேர்ந்தால், நடுப்பகலில் சந்நிதி மூடியிருக்கிறது. ஊர் திரும்பியதும் இரண்டே நட்சத்திரம் போட்டு, "தூரத்தைப் பற்றிப் பொய்" என்று எழுதிவிட்டார்கள். அக்கா அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் மாமியாரைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி அவளே வாசலிலிருந்து கோபுரம் வரை நடந்தாள். 14 நிமிஷம் ஆயிற்று. அதையே தலைப்பில் போட்டாள்.

விவரத்தில் முதல் இரண்டு வரிதான் சட்டென்று கண்ணில் படும். மிச்சத்தைத் தட்டித் திறந்தால்தான் தெரியும். அந்த இரண்டு வரியை இப்படி எழுதினோம்: 'பெரியவர்களோடு நிதானமாக நடந்தால் கோயில் 14 நிமிஷம், ஆட்டோ வாசலுக்கே வரும். பகலில் சந்நிதி மூடும், கல் தரையும் சுடும். அதனால் காலையில் போய்விட்டு, இங்கே சாப்பிட்டு இளைப்பாறி, 4 மணிக்கு மேல் மறுபடி போகலாம்.'

அதன் பிறகே அரண்மனை, சரஸ்வதி மகால். தாராசுரத்தையும் 'அருகில்' என்று அக்கா சேர்த்திருந்தாள். அது 35 கிலோமீட்டருக்குக் குறையாது! பக்கத்தில் என்று ஒன்பது இடம் எழுதினால், உண்மையிலேயே பக்கத்தில் இருக்கிற ஒன்றையும் நம்பமாட்டார்கள். 'காரில் ஒரு பகல் பயணம்' என்று தனி வரியாக மாற்றச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே மாற்றினாள்.

நேற்று பேசினாள். தை மாசத்துக்கு இப்போதே இரண்டு குடும்பம் கேட்டிருக்கிறதாம்.

"மாடிப்படியை எழுதினாயா, அக்கா?" என்றேன்.

"18 படி, லிப்ட் கிடையாது. எண்ணிப் பார்த்தே எழுதினேன், போடி!" என்றாள்.