இந்தச் சடையில் பூ நிற்காது

இது கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபமும் வரலாம். வந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர்கள் குழுவிலும் பிள்ளைகள் வரைந்த படங்களை அனுப்புகிறீர்கள். பாவாடை தாவணிப் பெண், பின்பக்கமாகத் திரும்பி நிற்பாள். நீளச் சடை, அதில் மல்லிகைப்பூ. உடனே நாற்பது பேர் கைதட்டுகிறீர்கள். நான் மட்டும் ஒன்றும் போடாமல் இருக்கிறேன் என்று ஒருத்தி வருத்தப்பட்டாளாம். அவளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். அந்தப் படங்களில் முக்கால்வாசியில் பூ சடையில் இல்லை, சடையின் மேல் ஒட்டியிருக்கிறது. அந்தப் பெண் நாலு அடி நடந்தால் பூ தரையில் கிடக்கும்.

"சின்னப் பிள்ளை வரைஞ்சது டீச்சர், இதுல போய் குறை சொல்லலாமா?" என்று கேட்பீர்கள். பிள்ளைமேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறை சொல்லிக்கொடுக்கிறவர்கள்மேல்தான். சடை என்றால் எட்டு எட்டாகக் கீழே இறக்கு, பூ என்றால் அதன்மேல் வட்டம் வட்டமாக வை என்று பழக்குகிறார்கள். ஃபோனில் வரைகிற பிள்ளைக்கு இன்னும் சுலபம், பூ முத்திரை ஒன்றை எடுத்துப் பத்து முறை தட்டினால் சரம் வந்துவிடும். காலையில் அம்மா தலையில் பூ வைத்துவிட்டு அனுப்பிய பெண், தன் தலையில் அது எப்படி நிற்கிறது என்று ஒருநாளும் பார்க்காமலே வரைகிறாள்.

இதில் பாதிக்கப்படுவது சரியாக வரைகிற பிள்ளை. சில வருடங்களுக்கு முன் ஒரு ஓவியப் போட்டிக்கு நடுவராகப் போனேன். ஒரு ஏழாம் வகுப்புப் பெண், பூச்சரம் முடிக்குள் புகுந்து வெளியே வருவதை அழகாக வரைந்திருந்தாள். நுழைகிற இடத்தில் மொட்டுகள் பாதிதான் தெரிந்தன. என்னுடன் இருந்த நடுவர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். காரணம் கேட்டேன். "பூவை முழுசா வரையலையே மேடம், பாதியில விட்டிருக்கு" என்றார். பளபளவென்று ஒட்டுப்பூ வரைந்த படத்துக்குப் பரிசு போனது. கண்ணால் பார்த்து வரைந்தவளுக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. அடுத்த முறை அவளும் ஒட்டத்தானே செய்வாள்?

சரி, எது சரி என்று சொல்லாமல் திட்டிக்கொண்டே இருந்தால் நான் டீச்சர் இல்லை. ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள்.

முதலில் சடை. மூன்று கால் பின்னலில் ஒவ்வொரு காலும் ஓரத்திலிருந்து கிளம்பி, ஒன்றின் மேல் போய், அடுத்ததன் கீழ் நுழைந்து, மறு ஓரத்துக்குப் போகும். பிறகு அங்கிருந்து திரும்பி வரும். அதனால் வெளியே தெரிகிற ஒவ்வொரு துண்டும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சரிவாக இறங்கும். அதன் மேல்முனை, அதே பக்கத்தில் தனக்கு மேலே இருக்கிற துண்டின் அடியிலிருந்து வரும். கீழ்முனை, எதிர்ப்பக்கத்தின் அடுத்த துண்டுக்கு அடியில் போய் மறையும். இரண்டு முனையும் மறைந்து, நடு வயிறு மட்டும் புடைத்துத் தெரியும். எட்டு வரைகிற பிள்ளைக்கு இந்த மேலும் கீழும் தெரியாது. எது மேலே, எது கீழே என்றே இல்லாத சடையில் பூ எங்கே நுழையும்?

இப்போது பூ. மேலேயிருந்து துண்டுகளுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். வலது ஒன்று, அதன் கீழ்முனையை மூடிக்கொண்டு இடது ஒன்று, அதை மூடிக்கொண்டு வலது இரண்டு, பிறகு இடது இரண்டு. வீட்டில் பூ வைக்கும்போது என்ன செய்கிறோம்? பின்னலின் மேல்பக்கத்தில் ஒரு காலை விரலால் லேசாகத் தூக்கி, அதன் அடியில் சரத்தை நுழைத்து, இரண்டு பக்கமும் தொங்கவிடுகிறோம். வழுக்குகிற முடியாக இருந்தால் ஒரு கொண்டை ஊசியும் குத்துகிறோம். நாம் ஒரு முழம் மல்லிகைச் சரத்தை இடது ஒன்றின் அடியில் நுழைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இடது ஒன்று சரிவாகக் கிடக்கிறது. அதன் மேல் விளிம்பு வலது ஒன்றின் மேல் படிந்திருக்கிறது. கீழ் விளிம்புக்கு அடியிலிருந்து இடது இரண்டு வருகிறது. ஆகவே சரத்தின் ஒரு பாதி மேல் விளிம்பு வழியாக, நடுவுக்குப் பக்கத்தில் வெளியே வந்து, வலது ஒன்றின் மேல் ஏறி வலப்பக்கம் தொங்கும். மறு பாதி கீழ் விளிம்பு வழியாக, இடது ஓரத்துப் பள்ளத்தில் வெளியே வந்து, இடது இரண்டின் மேல் தொங்கும். கவனித்தீர்களா, இரண்டு பாதியும் ஒரே உயரத்தில் வெளியே வராது. வலப்பக்கம் மேலே, இடப்பக்கம் கீழே. ஒட்டுப்பூ படத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இந்த ஒரு அடையாளம் போதும். அங்கே இரண்டு பக்கமும் மீசை மாதிரி ஒரே உயரத்தில் ஆரம்பிக்கும்.

வரையும்போது மறைகிற பாகத்தையும் சேர்த்து முழுச் சரத்துக்கும் மெல்லிய கோடு ஒன்று போடச் சொல்லுங்கள். அந்தக் கோடு முடித்துண்டுகளைக் கடக்கிற ஒவ்வொரு இடத்திலும் பிள்ளை நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும், இங்கே பூ மேலேயா, முடி மேலேயா? பூ மேலே என்றால் ஒரு புள்ளி, முடி மேலே என்றால் ஒரு பெருக்கல் குறி. நம் படத்தில் இடது ஒன்றில் பெருக்கல். வலது ஒன்றில் புள்ளி, அங்கிருந்து கீழே தொங்கும்போது வலது இரண்டில் புள்ளி. இடது இரண்டிலும் புள்ளி. பிறகு பெருக்கல் போட்ட இடத்தில் மட்டும் சரத்தின் கோட்டை அழித்துவிட்டு மொட்டுகளை வரையலாம். இத்தனை யோசித்த பிள்ளை தப்பாக வரைய மாட்டாள்.

மொட்டுகளிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பூக்கட்டும்போது இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று காம்புகளை நடுவில் சேர்த்து நாரால் முடிச்சுப் போடுகிறோம். அதனால் சரத்தின் நடுவில் முடிச்சும் காம்பும், இரண்டு ஓரத்திலும் மொட்டுகளும் இருக்கும். முடிக்கு அடியிலிருந்து வெளியே வருகிற இடத்தில் முதல் மொட்டுகளின் நுனி மட்டும் எட்டிப்பார்க்கும், காம்பு தெரியாது. அடுத்த வரிசையில் முக்கால் மொட்டு தெரியும். மூன்றாவது வரிசையிலிருந்துதான் முழுசு. அன்றைக்கு அந்த நடுவர் "பாதியில விட்டிருக்கு" என்றது இதைத்தான்.

ஆழம் காட்ட இரண்டு நிழல் போதும். ஒன்று முடி பூவின்மேல் போடும் நிழல். வெளியே வருகிற முதல் மொட்டுகளில் லேசான சாம்பல், அடுத்த வரிசைக்குள் அது வெள்ளையாகிவிட வேண்டும். மற்றொன்று பூ முடியின்மேல் போடும் நிழல். கறுப்பு முடியில் கறுப்பு நிழல் தெரியாதே என்று பிள்ளைகள் கேட்பார்கள், நல்ல கேள்வி. துண்டின் வயிற்றில் ஒரு மினுமினுப்பு விடுவோம் இல்லையா, பூ கடக்கிற இடத்தில், பூவை ஒட்டி, அந்த மினுமினுப்பை அறுத்துவிட வேண்டும். அங்கே நிழல் விழுந்ததாகக் கண் தானே எடுத்துக்கொள்ளும். சரத்தைச் சுமக்கிற இடது ஒன்றின் வயிற்றையும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் புடைப்பாக வரைய வேண்டும், அடியில் ஒரு பொருள் இருக்கிறதே. கடைசியாக, இரண்டே இரண்டு உதிரி முடிகள் மொட்டுகளின் மேலே குறுக்கே போகட்டும். பத்து வரைந்தால் சிக்குப்பிடித்த தலையாகிவிடும்.

ஃபோனில் வரைகிறவர்களுக்கு. ஒரே சரம் ஓரிடத்தில் முடிக்குக் கீழேயும் மற்ற இடங்களில் மேலேயும் இருக்கிறது. அதனால் பூ லேயரை முழுசாக மேலே வைத்தாலும் தப்பு, முழுசாகக் கீழே வைத்தாலும் தப்பு. முடி ஒரு லேயர், அதற்கு மேல் பூ. பிறகு இடது ஒன்றை மட்டும் நகலெடுத்து, பூவுக்கும் மேலே மூன்றாவது லேயராக வையுங்கள். அவ்வளவுதான் வேலை. முத்திரைப் பூவைத் தட்டுகிற நேரத்தைவிட ஐந்து நிமிடம் கூடுதல்.

குஞ்சம், ரப்பர் பேண்டு, ரிப்பன் எல்லாவற்றுக்கும் கேள்வி இதேதான், எது மேலே, எது கீழே? சடையைச் சுற்றிக் கட்டுகிற பொருளாக இருந்தால் அது இறுக்குகிற இடத்தில் சடை ஒடுங்க வேண்டும், விட்ட இடத்தில் விரிய வேண்டும். ஒடுங்காத சடையில் ரிப்பன் வரைந்தால் அது கட்டவில்லை, வர்ணம் பூசியிருக்கிறது.

இனி உங்கள் எதிர்வாதத்துக்கு வருகிறேன். "கோலத்திலும் சுவர்ச் சித்திரத்திலும் பூவைத் தட்டையாகத்தானே வைக்கிறார்கள்?" உண்மை. அங்கே முகமும் தட்டை, உடையும் தட்டை, நிழல் என்பதே கிடையாது. படம் முழுவதும் அந்த விதியில் நிற்கிறது, அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் நீங்கள் அனுப்புகிற படங்களில் கன்னத்தில் நிழல் இருக்கிறது, தாவணியில் மடிப்பு இருக்கிறது, தோளில் வெளிச்சம் விழுகிறது. பூ மட்டும் ஏன் கோலத்திலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறது? ஒரே படத்தில் இரண்டு விதி இருக்க முடியாது.

2021இல் மறைந்த ஓவியர் இளையராஜாவைப் பலரும் பகிர்கிறீர்கள். "ஃபோட்டோ மாதிரியே இருக்கு" என்று எழுதுகிறீர்கள். அவர் கிராமத்துப் பெண்களை நேரில் பார்த்து, வெளிச்சம் எங்கே விழுகிறது, எங்கே நிற்கிறது என்று கவனித்து வரைந்தவர். அவரை ரசித்துவிட்டு அடுத்த நிமிடமே ஒட்டுப்பூவுக்கும் அதே "அருமை" போட்டால், பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

நடுவர்களாகப் போகிற என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் ஏழெட்டுப் பேர் இப்போது ஆசிரியர்கள். படத்தைக் கையில் எடுத்ததும் மனதுக்குள் அந்தப் பூச்சரத்தைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். முடி அதைப் பிடித்துக்கொண்டால் மதிப்பெண் போடுங்கள். கையோடு வந்துவிட்டால், வர்ணம் எவ்வளவு பளபளத்தாலும் குறையுங்கள். பாதி மறைந்த மொட்டுக்குத் தயவுசெய்து மதிப்பெண் வெட்டாதீர்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஒரு முழம் பூ வாங்குங்கள். அம்மாவின் சடையிலோ அக்காவின் சடையிலோ பிள்ளையையே வைக்கச் சொல்லுங்கள், பையனாக இருந்தாலும் சரி. வைத்த கையோடு பின்னால் உட்காரவைத்து வரையச் சொல்லுங்கள். அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் முதல் ஆளாக நான் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்