‘ஹி காட் ஃபயர்டு’ பிழையில்லை

‘ஹி காட் ஃபயர்டு’ என்று மாணவர் எழுதினால், ‘காட்’டை அடித்துவிட்டு ‘வாஸ்’ என்று திருத்தும் ஆசிரியர்கள் பலர். இந்தத் திருத்தத்துக்குப் பின்னால் மூன்று வாதங்கள் இருக்கின்றன. மூன்றும் நிற்கவில்லை.

முதல் வாதம்: இது இலக்கணப் பிழை.

செயலுக்கு உள்ளானவர் எழுவாயாக வருகிறார். வினை ‘ஃபயர்டு’ என்ற எச்ச வடிவத்தில் நிற்கிறது. செயப்பாட்டு வாக்கியத்துக்கு வேண்டியது இவ்வளவுதான். குவர்க்கும் உடனாசிரியர்களும் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணமும், ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் இலக்கணமும் இதை ஆங்கிலத்தின் இயல்பான அமைப்பாகவே விளக்குகின்றன. மாணவர் உண்மையில் தவறுவது கேள்வியில்தான். ‘காட் ஹி ஃபயர்டு?’ என்பது பிழை. ‘கெட்’ துணைவினை போல எழுவாய்க்கு முன்னால் போகாது. ‘டிட் ஹி கெட் ஃபயர்டு?’ என்றே கேட்க வேண்டும். ஆசிரியர் திருத்த வேண்டியது இதை.

இரண்டாம் வாதம்: ‘வாஸ்’ இருக்க ‘காட்’ எதற்கு?

‘தி விண்டோ வாஸ் புரோக்கன்’ என்றால் ஜன்னல் உடைந்து கிடந்தது என்றும் கொள்ளலாம், யாரோ உடைத்தார்கள் என்றும் கொள்ளலாம். ‘தி விண்டோ காட் புரோக்கன்’ என்றால் உடைந்த நிகழ்ச்சி மட்டுமே. ‘தே வேர் மேரீட்’, ‘தே காட் மேரீட்’ இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் இதுதான்: முன்னது மணமானவர்களாக இருந்ததையும் குறிக்கலாம், பின்னது மணம் முடித்ததை மட்டுமே சொல்லும். மேலும், நடந்தது எழுவாயாக வருபவரைப் பாதித்தது என்ற தொனியும் ‘காட்’டில் உண்டு. ‘திட்டப்பட்டான்’ என்பதற்கும் ‘திட்டு வாங்கினான்’ என்பதற்கும் உள்ள தூரத்தை அறிந்த நமக்கு இது எளிதில் பிடிபடும்.

மூன்றாம் வாதம்: அப்படியானால் எங்கும் ‘காட்’ போடலாமே?

போட முடியாது. அறிதல், நம்புதல் போன்ற நிலைகளைக் குறிக்கும் வினைகளோடு இது சேராது. ‘ஹி வாஸ் பிலீவ்டு’ சரி; ‘ஹி காட் பிலீவ்டு’ காதில் இடறும். ஒரு பாலத்தைப் பற்றி வெறுமனே ஆண்டைச் சொல்லும்போது ‘தி பிரிட்ஜ் வாஸ் பில்ட்’ என்பதே பொருந்தும். ஆனால் பல ஆண்டு இழுபறிக்குப் பின் ஒருவழியாகக் கட்டி முடித்தார்கள் என்றால், ‘தி பிரிட்ஜ் ஃபைனலி காட் பில்ட்’ அழகாக அமர்கிறது. வினை அதே, அந்த இழுபறிதான் ‘காட்’டுக்கு இடம் தந்தது.

எஞ்சுவது இடப்பொருத்தம். பணிநீக்க ஆணையிலும் ஆய்வுக் கட்டுரையிலும் ‘வாஸ்’ எழுதுங்கள். நண்பருக்கு எழுதும் கடிதத்திலும் கதையின் உரையாடலிலும் ‘காட்’ எழுதலாம். மாணவரின் வாக்கியத்தை அடிக்கும் முன், அது ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறதா, யாரிடம் சொல்கிறது என்ற இரண்டையும் பாருங்கள். ஆணையில் வந்தால் நடை மாற்றம் என்று குறியுங்கள். பிழை என்று குறிக்காதீர்கள்.