கடைசிச் சொல்லில் ஒட்டியிருக்கும் ‘அல்’

இந்த இதழுக்கு வந்த ஒரு வாடகை ஒப்பந்த மொழிபெயர்ப்பில் தலைப்பு சரியாக இருந்தது. தவறு ஐந்தாவது பிரிவில். மூலத்தில் ‘அக்து ஈஜாரிஷ் ஷக்கா’ என்றிருந்ததை மொழிபெயர்த்தவர் ‘எ லீஸ் கான்ட்ராக்ட் ஆஃப் தி அபார்ட்மென்ட்’ ஆக்கியிருந்தார். ‘அக்து’ மீது ‘அல்’ இல்லை, அதனால் ‘எ’ போட்டுவிட்டார். அந்த வீட்டுக்குப் பல ஒப்பந்தங்கள் இருப்பதுபோலவும், இது அவற்றில் ஏதோ ஒன்று என்பதுபோலவும் ஆங்கில வாசகர் புரிந்துகொள்வார்.

இழாஃபாவில் முழாஃப் ‘அல்’லையும் ஏற்காது, தன்வீனையும் ஏற்காது. அது குறிப்பானதா என்பதைக் கடைசியில் வரும் முழாஃப் இலைஹிதான் தீர்மானிக்கிறது. அங்கே ‘அஷ் ஷக்கா’ என்றிருப்பதால் ஈஜாரும் குறிப்பானது, அக்தும் குறிப்பானது. ஆகவே ‘தி அபார்ட்மென்ட் லீஸ் கான்ட்ராக்ட்’. வால் நுனியில் இருந்த ‘அல்’ ஆங்கிலத்தில் தலைக்கு வந்துவிடுகிறது. சொல்வரிசை தலைகீழாவது நமக்குச் சிரமமே இல்லை. ‘வீட்டு வாடகை ஒப்பந்தம்’ என்று தமிழும் அப்படித்தான் அடுக்குகிறது. ஆர்ட்டிகிள் இல்லாத மொழியில் வளர்ந்ததால், அதை வைக்கும் இடத்தில்தான் நமக்குக் கை தடுமாறுகிறது.

இதோடு முடிந்துவிடுவதில்லை. ஆங்கிலப் பெயரடுக்கில் ஆர்ட்டிகிளுக்கு ஒரே இடம்தான். முன்னால் நின்றாலும் அது கடைசிப் பெயருக்கே உரியது. ‘அபார்ட்மென்ட்’ தன் சொந்த ‘தி’யை அடுக்குக்குள் இழந்துவிடுகிறது. முதல் பிரிவிலேயே கதவு எண்ணோடு வரையறுத்த வீடு என்றால் அந்த இழப்பை ஏற்கக் கூடாது. அடுக்கை உடைத்து ‘தி லீஸ் கான்ட்ராக்ட் ஃபார் தி அபார்ட்மென்ட்’ என்று எழுத வேண்டும்.

எப்போது உடைப்பது? நான் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். ‘வீட்டு வாடகை’ என்று போதுமானால் அடுக்கு. ‘அந்த வீட்டின் வாடகை’ என்று சொன்னால்தான் பொருள் நிற்குமானால் ‘ஆஃப்’ அல்லது ‘ஃபார்’. ‘ஹுகூகுல் இன்ஸான்’ என்பதை ‘அந்த மனிதனின் உரிமைகள்’ என்று யாரும் சொல்வதில்லை. அங்குள்ள ‘அல்’ மனித இனத்தையே சுட்டுவது. ஆகவே வெறும் ‘ஹியூமன் ரைட்ஸ்’, முன்னால் ‘தி’யும் வேண்டாம். தலைப்பில் வந்த ‘அக்து ஈஜாரி ஷக்கா’வில் ‘அல்’லே இல்லை, ‘அபார்ட்மென்ட் லீஸ் கான்ட்ராக்ட்’ என்று விட்டது சரி.

‘எ’ வர வேண்டிய இடத்தில் அரபியே பெரும்பாலும் இழாஃபாவைக் கைவிட்டுவிடும். ‘கராரு மஜ்லிஸில் அம்ன்’ என்றால் ‘தி செக்யூரிட்டி கவுன்சில் ரெஸொல்யூஷன்’. ‘கராருன் லி மஜ்லிஸில் அம்ன்’ என்றால் ‘எ’. அச்சில் தன்வீன் தெரியாது, அந்த ஒற்றை ‘லி’தான் தெரியும். வேகமாக வாசிக்கும்போது விடுபடுவதும் அதுதான்.

‘ரஜுலுன் தவீலுல் காமா’ போன்றவை மட்டும் இந்தக் கணக்கில் சேராது. முழாஃப் பெயரடையாக இருப்பதால் கடைசி ‘அல்’ எதையும் குறிப்பாக்குவதில்லை. அவர் ‘எ டால் மேன்’தான்.