எடைமேடையில் இருபது நிமிடம்

என் அத்தை மகன் சர்க்கரை ஆலையில் எடை போடுகிறவன். கள்ளக்குறிச்சிப் பக்கம், கல்வராயன் மலை கருநீலமாகத் தெரிகிற தூரத்தில் ஆலை. எது என்று கேட்காதீர்கள், அவனுக்கு இன்னும் சில வருஷம் வேலை பாக்கி இருக்கிறது. அரவை தொடங்கிவிட்டால் ஆலை ராத்திரியிலும் நிற்காது. வெட்டின கரும்பு காய்ந்தால் எடையும் குறையும், சாற்றில் சர்க்கரையும் குறையும். அதனால் அடிவாரத்துத் தோட்டங்களிலிருந்து டிராக்டர்கள் இரவெல்லாம் வந்துகொண்டே இருக்கும். லோடோடு ஏறினால் ஒரு எடை, இறக்கிவிட்டு வந்தால் காலி எடை. இரண்டுக்கும் நடுவில் இவன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில்.

போன கார்த்திகையில் சர்க்கரை கூடியிருக்கிறது என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "தினமும் நடங்க" என்றார். வேலையைப் பற்றி அவர் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. சர்க்கரை ஆலைக்காரனுக்குச் சர்க்கரையா என்று ஊரே சிரித்ததுதான் மிச்சம்.

முதலில், ஷிப்ட் முடிந்து காலை ஆறரைக்கு நடந்து பார்த்தான். முக்கால் மணி நேரம், வெயில் முகத்தில் அடிக்க. வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. "ஒடம்பு செத்துக் கெடக்கு மச்சான், கண்ணு மட்டும் முழிச்சிக்கிட்டு நிக்குது" என்றான். காரணம் எளிது. உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது, அதற்குச் சாவி கொடுப்பது பெரும்பாலும் வெளிச்சம். ராத்திரி முழுக்க விழித்துவிட்டுக் காலை வெயிலையும் வாங்கிக்கொண்டால், மூளை பொழுது விடிந்துவிட்டது, வேலையைப் பார் என்கிறது. போதாததற்கு வேக நடையில் உடம்பும் சூடேறிக்கிடக்கும். அந்தச் சூடு இறங்கினால்தான் தூக்கம் பிடிக்கும். ஒரு வாரத்தில் தூக்கம் நாலு மணி நேரத்துக்கு வந்துவிட்டது. சாயந்தரம் நடக்கலாம் என்றால் பிள்ளைகளின் டியூஷன், மாட்டுக்குத் தீவனம், ரேஷன் கடை.

நேரத்தை அவன் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. அது எடைமேடையிலேயே கிடந்தது. நாலு மணி வாக்கில் யார்டு நிரம்பி நிற்கும். கேரியரில் கரும்பு விழ விழத்தான் அடுத்த வண்டி நகரும். புதிதாக வயலிலிருந்து வருகிற வண்டியும் அந்நேரம் குறைவு. டிரைவர்கள் ஸ்டீயரிங் மேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். லோடு எடையும் கிடையாது, காலி எடையும் கிடையாது என்று பதினைந்து இருபது நிமிடம் மேடை சும்மா இருக்கும். அதுவரை அந்த நேரத்தில் அவன் செய்துவந்தது, மேசையில் கன்னம் வைத்துத் தூங்குவது.

அது தப்பு நடக்கிற நேரமும்கூட. உடம்பின் வெப்பம் இருபத்து நாலு மணி நேரத்தில் மிகக் கீழே இறங்குவது பெரும்பாலானவர்களுக்கு விடியலுக்கு முந்தைய அந்த ஓரிரண்டு மணி நேரத்தில்தான். ஒரு முறை டோக்கன் 43ஐ 34 என்று அடித்துவிட்டு, ஒருவர் வண்டியின் காலி எடையை இன்னொருவர் கணக்கில் ஏற்றிவிட்டான். இரண்டு விவசாயிகளும் ஜன்னலில் வந்து நின்றபோதுதான் விழித்தான். அதற்குப் பிறகு, எண்கள் இடம் மாறத் தொடங்கினால் எழுந்துவிட வேண்டும் என்பது அவன் வைத்துக்கொண்ட அடையாளம்.

முதல் இரண்டு நாள் கேட்டைத் தாண்டி ரோட்டில் நடந்தான். மூன்றாம் நாள், பின்விளக்கு இல்லாத ஒரு டிரெய்லர். இருட்டில் வண்டி தெரியவில்லை, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த கரும்புத் தோகைதான் முதலில் தோளில் உரசியது. அன்றோடு ரோடு வேண்டாம் என்று ஆலைக்குள்ளேயே வந்துவிட்டான்.

இப்போது அவன் செய்வது இதுதான். முதல் ஐந்து நிமிடம் கைகளை வீசியபடி சும்மா நடை. மார்கழிப் பனியில் மணிக்கணக்கில் உட்கார்ந்த காலை எடுத்த எடுப்பில் வேகமாகப் போட்டால் கெண்டைச்சதை பிடித்துக்கொள்ளும். பிறகு மேடைக்கு வண்டி ஏறுகிற சரிவில் மேலேயும் கீழேயும் பத்து நடை. அப்புறம் கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, பத்துப் பத்தாக மூன்று முறை. கடைசியாக அறைச் சுவரில் கையை ஊன்றித் தள்ளுவது. பேச முடிகிற அளவுக்குத்தான் மூச்சு வாங்க வேண்டும், பாட முடிந்தால் போதவில்லை என்று கணக்கு. நாலேகாலுக்குள் முடிகிறது. அவன் படுப்பது ஏழரைக்கு என்பதால் உடம்பு ஆற மூன்று மணி நேரம் கிடைக்கிறது. வீட்டுக்குப் போகிற வழியில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும். கல்யாண வீட்டுக்கா என்று டீக்கடையில் கேட்டார்களாம்.

நடைக்குத் தோதாகச் சாப்பாட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. முன்பு ராத்திரி ஒரு மணிக்கு டப்பா நிறையப் புளிசாதம் சாப்பிடுவான். ராத்திரியில் கணையம் பகல்போல் சுறுசுறுப்பாக இருப்பதில்லை. அதே சோறு அந்நேரம் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை அதிகம் ஏறும், மெதுவாக இறங்கும். அசைகிற தசை இன்சுலினை அவ்வளவாக எதிர்பார்க்காமலே கொஞ்சம் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், நாலு மணி நடையின் பலனில் பாதி அதுதான். இப்போது பெரிய சாப்பாட்டை ஒன்பதுக்குள் வீட்டிலேயே முடித்துவிடுகிறான். ஒரு மணிக்குச் சுண்டலோ இரண்டு இட்லியோ. டீ இரண்டு மணியோடு சரி.

இதில் ஒரு கோளாறும் நடந்தது. தை மாதத்தில் ஒரு ராத்திரி வண்டி நெருக்கடியில் ஒரு மணிச் சுண்டலை விட்டுவிட்டான். நாலு மணிக்கு வழக்கம்போல் சரிவில் ஏறினான். கை நடுங்கியது. மலைக்காற்று என்று மப்ளரை இறுக்கிக்கொண்டான். பார்த்தால் நெற்றியெல்லாம் வேர்வை. பனியில் நடுங்குகிறவனுக்கு ஏன் வேர்க்க வேண்டும்? வரிசையில் முதலில் நின்ற டிராக்டர்காரர், வெள்ளிமலைப் பக்கத்து ஆள், அவர் வீட்டிலும் சர்க்கரை உண்டு போல.

"அண்ணே, இது குளிரு இல்ல. உக்காரு மொதல்ல" என்று டிபன் பைக்குள்ளிருந்து வெல்லத்தை எடுத்து வாயில் போட்டிருக்கிறார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் சரியானது. கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்க வைக்கிற மாத்திரை போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் உடம்பை அசைத்தால் இப்படி ஆகலாம். சர்க்கரை மலையாகக் குவிந்திருக்கிற இடத்தில் ஒருவன் சர்க்கரை இல்லாமல் மயங்கப் பார்த்தான் என்பதை நினைத்து நான் சிரித்தேன், அவன் சிரிக்கவில்லை. டாக்டரிடம் போய் ராத்திரி வேலையைச் சொன்னான். மாத்திரையின் நேரத்தையும் அளவையும் அவர் மாற்றினார். இப்போது சட்டைப் பையில் வெல்லக்கட்டி இல்லாமல் அவன் மேடை ஏறுவதில்லை.

எடை குறைந்ததா என்று கேட்டேன். அதற்கு அவன் வைத்திருக்கிற கருவி கரும்பு எடைமேடை. அது டன் கணக்கில் லாரி நிறுக்கிற மேடை, பத்துப் பத்து கிலோவாகத்தான் எண் தாவும். ஓர் ஆளுக்கெல்லாம் அது சரியான எடை காட்டும் என்று நம்பக்கூடாது என்பது அவனுக்கே தெரியும். வீட்டு மெஷினில் 79 கிலோவோடு தொடங்கியவன், மேடையில் நின்றால் 80. மார்கழி முழுக்க 80. தையிலும் 80. மாசியிலும் அது அசையவில்லை.

பங்குனியில் அரவை முடியப்போகிற நாட்களில் ஒரு ராத்திரி நானும் கூடப் போயிருந்தேன். நாலே காலுக்கு நடையை முடித்துவிட்டு மேடையின் நட்ட நடுவில் போய் நின்றான்.

"மச்சான், என்னா காட்டுது?"

ஜன்னல் வழியாகச் சிவப்பு எண்ணைப் பார்த்தேன். 70 என்றது. உடனே 80 என்றது. மறுபடி 70.

"செருப்ப கழட்டுடா" என்றேன்.

கழற்றி ஓரமாக வீசினான். எண் முடிவு செய்வதற்குள் பின்னால் ஒரு டிராக்டர் ஹாரன் அடித்தது. வெறுங்காலோடு ஓடிவந்து நாற்காலியில் உட்கார்ந்து, டோக்கன் நம்பரை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தான்.